ஒரு பட்டாசும் மூன்றாம் வேற்றுமையும்: வகுப்புரையில் தொடர் எடுத்துக்காட்டு

இளங்கலைத் தமிழ் வகுப்புகளில் மூன்றாம் வேற்றுமைப் பாடம் பெரும்பாலும் ஐந்து எடுத்துக்காட்டுகளோடு முடிந்துவிடுகிறது. முதற்கருவிக்கு மண்ணால் ஆன குடம். துணைக்கருவிக்குத் திரிகையால் ஆன குடம். ஏவுதற்கருத்தாவுக்கு அரசனால் ஆன கோயில். இயற்றுதற்கருத்தாவுக்குத் தச்சனால் ஆன மாளிகை. உடனிகழ்ச்சிக்கு ஆசிரியனோடு வந்த மாணாக்கன். நன்னூல் உரைகளின் வழியே வந்த இவ்வைந்தும் பாடநூல்களிலும் வினாவிடை நூல்களிலும் சிறு மாற்றங்களோடு நிலைபெற்றுவிட்டன. மாணவர் இவற்றைப் பிழையின்றி எழுதுகின்றனர், மதிப்பெண்ணும் பெறுகின்றனர்.

அதே மாணவரிடம் இரண்டு தொடர்களைக் கொடுத்துப் பார்க்கலாம். ‘செங்கல்லால் சுவர் கட்டினான்’ என்பது ஒன்று. ‘செங்கல்லால் நாயை அடித்தான்’ என்பது மற்றொன்று. இரண்டிலும் செங்கல் எவ்வகைக் கருவி என்று கேட்டால் பெரும்பாலோர் ‘முதற்கருவி’ என்றே விடை தருவர். மண் முதற்கருவி என்று படித்தவருக்குச் செங்கல்லும் மண்தானே! இரண்டாம் தொடரில் செங்கல் துணைக்கருவி ஆகிவிட்டது என்பதைக் காண அவர்களுக்கு வழி காட்டப்படவில்லை. மாணவரின் மந்தம் இதற்குக் காரணம் அன்று. முதற்கருவி என்பது ஒரு பொருளின் இயல்பு அன்று. ஒரு பொருளுக்கும் ஒரு வினைக்கும் இடையே உள்ள உறவு. அவ்வுறவைக் காட்ட வந்த எடுத்துக்காட்டுகளோ ஒவ்வொரு பெயரையும் ஒவ்வொரு பொருளோடு பிணைத்து வைத்துவிட்டன. மண் என்றால் முதற்கருவி, திரிகை என்றால் துணைக்கருவி, அரசன் என்றால் ஏவுதற்கருத்தா என்பதே மாணவர் மனத்தில் எஞ்சுகிறது.

இவ்விடரைத் தீர்க்க, மூன்றாம் வேற்றுமைப் பாடம் முழுவதையும் ஒரே எடுத்துக்காட்டைக் கொண்டு நடத்தலாம் என்பது இங்கு முன்வைக்கப்படும் கருத்து. விருதுநகர் மாவட்டத்தின் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பகுதி மாணவர்க்கு அவ்வெடுத்துக்காட்டு பட்டாசாக இருக்கலாம். அது மாணவர்க்குப் பழக்கமானது என்பதனால் மட்டும் இப்பரிந்துரை செய்யப்படவில்லை. பொருளை மாற்றாமல் நிறுத்திவைத்தால்தான் உறவு மாறுவது கண்ணுக்குத் தெரியும் என்பதே முதன்மைக் காரணம். ஒலியனியல் வகுப்பில் ‘கல்’, ‘பல்’ என ஓரொலி மட்டும் வேறுபடும் இணைகளை எடுத்துக்கொள்வதும் இக்காரணம் பற்றியே.

காட்டும் வகுப்புரையும்

ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனி எடுத்துக்காட்டுத் தருவது உரைமரபின் குறை ஆகாது. காண்டிகையுரையின் உறுப்புகளுள் ஒன்று காட்டு. நூற்பாவின் கருத்து இது, பதப்பொருள் இது, அதற்குக் காட்டு இது என்று உரை செல்கிறது. அங்குக் காட்டு சுருக்கமாகவும், அந்நூற்பாவுக்கு மட்டும் ஐயமின்றிப் பொருந்துவதாகவும் இருப்பதே சிறப்பு. சுவடியிலோ நூலிலோ படிப்பவர் நின்று சிந்திக்கலாம்; முன்பக்கம் சென்று இரண்டு காட்டுகளை ஒப்பிட்டுக்கொள்ளலாம். வகுப்பில் கேட்பவருக்கு அவ்வாய்ப்பு இல்லை. குடம் என்று கேட்டு அதை மனத்தில் அமைத்துக்கொள்வதற்குள் கோயில் வந்துவிடுகிறது; கோயிலை நினைப்பதற்குள் மாளிகை. ஒவ்வொரு முறையும் புதிய காட்சியைக் கட்டுவதிலேயே கவனம் செலவாகிறது. கண்ணால் படிப்பதற்கு அமைந்த ஒழுங்கை அப்படியே செவிக்குத் தருவதில்தான் இடர் தோன்றுகிறது.

மரபிலும் தொடர் எடுத்துக்காட்டு இல்லாமல் இல்லை. தொல்காப்பியம் வேற்றுமை மயங்கியலில் தொழிலின் முதனிலைகள் எட்டு என்று கூறுமிடத்தில் உரையாசிரியர்கள் எட்டுக்கும் எட்டு எடுத்துக்காட்டுத் தேடுவதில்லை. குடம் வனைதல் என்ற ஒரு தொழிலையே எடுத்து, வினை, செய்வது, செயப்படுபொருள், நிலம், காலம், கருவி, இன்னதற்கு, இது பயன் ஆகிய எட்டையும் அதிலேயே காட்டிவிடுவர். நன்னூல் வினைக்குரிய ஆறையும் கூறுமிடத்திலும் அக்குயவனே வருகிறான். சைவ சித்தாந்த உரைகளில் அவன் இன்னும் நெடுந்தொலைவு செல்கிறான். முதற்காரணம் மண், துணைக்காரணம் திரிகை, நிமித்தகாரணம் குயவன் என்று தொடங்கி, உலகத் தோற்றத்துக்கு முதல்வன் ஒருவன் வேண்டும் என்பது வரை அக்குடமே வாதத்தைச் சுமந்து செல்கிறது. சித்தாந்த உரையும் இலக்கண உரையும் செய்த சிவஞான முனிவர் போன்றோர்க்குக் குடம் இரு துறைக்கும் பொதுவான கருவியாக இருந்ததில் வியப்பில்லை. உறுப்புகள் ஒன்றோடொன்று இயைந்து நிற்கும் கருத்துக்கு ஒரே காட்டு. பட்டியலாக நிற்கும் பொருள்களுக்குப் பல காட்டு என்னும் பாகுபாட்டை மரபு தன்னியல்பாகவே பின்பற்றியிருக்கிறது.

அவ்வாறாயின் மூன்றாம் வேற்றுமையில் குடம் பாதி வழியில் கைவிடப்பட்டது ஏன்? கருவிப்பொருள் இரண்டுக்கும் குடத்தைக் காட்டிய உரை, கருத்தாவுக்கு வந்ததும் கோயிலுக்குத் தாவுகிறது. இதற்குக் காரணம் எளிது. குயவன் தானே நினைத்துத் தானே வனைகிறான். அவனுக்கு மேல் ஏவுவோன் ஒருவன் அக்காட்சியில் இல்லை. ஏவுவோன் வேண்டுமெனில் அரசனைத் தேடிச் செல்ல வேண்டும். அரசன் குடம் செய்விப்பதைக் காட்டிலும் கோயில் எடுப்பிப்பதே உலக வழக்கு. கோயிலில் ஏவுவோன் உண்டு. ஆனால் அதை இயற்றுவோனைச் சொல்லும்போது காட்டு மாளிகை ஆகிவிடுகிறது. இதனால் ஒரே பொருளுக்கு ஏவுவோனும் இயற்றுவோனும் ஒருங்கே உண்டு என்பதை மாணவர் எந்தக் காட்டிலும் காண்பதில்லை. பாடம் முழுவதையும் சுமக்கவல்ல எடுத்துக்காட்டு, மண்ணும் திரிகையும் குயவனும் அரசனும் ஓரிடத்தில் கூடும் தொழிலாக இருத்தல் வேண்டும்.

பலகையில் நிற்கும் ஒரு பொருள்

கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1923-இல் சிவகாசியில் அத்தொழிலைத் தொடங்கினர். அதன் தொடர்ச்சியாகப் பட்டாசுத் தொழிலும் வளர்ந்தது. இன்று அப்பகுதிக் கல்லூரி வகுப்பில் அமர்ந்திருப்போருள் குழாய் உருட்டும் வீட்டிலிருந்து வந்தவர் உண்டு. ஆலைக்குச் செல்லும் தாயோ தமக்கையோ உடையவர் உண்டு. அச்சகத்திலோ லாரி செட்டிலோ வேலை பார்ப்போரின் மக்களும் உண்டு. ஆகவே ஆசிரியர் வகுப்பின் முதல் ஐந்து நிமிடத்தில் தொழிலை விவரிக்க வேண்டியதில்லை, கேட்டாலே போதும். ஒற்றை வெடி ஒன்று எப்படி உருவாகிறது என்ற வினாவுக்கு வகுப்பே விடை சொல்லும். காகிதத்தைக் கம்பியில் சுற்றிப் பசையிட்டுக் குழாய் உருட்டுகின்றனர். ஒரு முனையை அடைக்கின்றனர். குழாய்களை நெருக்கமாக அடுக்கி மருந்து செலுத்துகின்றனர். திரி வைக்கின்றனர். வெயிலில் காயவைத்து, லேபிள் ஒட்டிப் பெட்டியில் இடுகின்றனர். இச்சொற்களை மாணவர் வாயிலிருந்தே பெற்றுப் பலகையின் ஓரத்தில் எழுதிவைத்தல் நன்று. ‘மருந்து’ என்று வகுப்பு சொல்லும்போது ஆசிரியர் அதை ‘வெடிமருந்து’ என்று திருத்த வேண்டியதில்லை. அத்தொழிலிடத்தில் அதற்கு மருந்து என்றே பெயர்.

பிறகு பலகையின் நடுவில் ‘பட்டாசு’ என்ற ஒரு சொல். வகுப்பு முடியும்வரை அது அழிக்கப்படுவதில்லை.

முதற்கேள்வி: பட்டாசு எதனால் ஆனது? காகிதத்தால், மருந்தால், திரியால் என்று விடைகள் வரும். அடுத்த கேள்வி: குழாய் உருட்டிய கம்பி? ‘கம்பியால் ஆன பட்டாசு’ என்று சொல்லிப் பார்த்தால் வகுப்பு ஏற்றுக்கொள்ளாது. இங்கே ஒரு மொழிவரலாற்றுச் செய்தியையும் ஆசிரியர் கூறிவிடலாம். பழைய காட்டில் திரிகையால் ஆன குடம் என்பது இயல்பான தொடர். இன்றைய வழக்கில் ‘ஆல் ஆன’ என்பது பெரும்பாலும் முதற்கருவிக்கு மட்டுமே உரியதாகச் சுருங்கிவிட்டது. திரிகையால் ஆன குடம் என்றால் திரிகையையே உடைத்துக் குடம் செய்ததுபோல் இன்றைய செவிக்கு ஒலிக்கிறது. மாணவர் இப்பகுதியில் தடுமாறுவதற்கு இச்சுருக்கமும் ஒரு காரணம். எனவே கம்பிக்கு ‘கம்பியால் உருட்டப்பட்ட குழாய்’ என்று வினையை மாற்ற வேண்டியிருக்கும். காகிதம் பட்டாசில் தங்கிவிட்டது. கம்பி வெளியே வந்துவிட்டது. செய்யப்பட்ட பொருளில் தங்குவது முதற்கருவி, செய்வதற்குத் துணைநின்று நீங்குவது துணைக்கருவி என்ற வரையறையை மாணவரே சொல்லும் இடம் இது.

அவ்வரையறை வந்தவுடனேயே அதைச் சோதிக்க வேண்டும். ‘கம்பி மத்தாப்பு எதனால் ஆனது?’ என்ற கேள்வியை ஆசிரியர் இங்கு வைத்தால் வகுப்பில் சிறிது சலசலப்பு எழும். கம்பியை மருந்துக் குழம்பில் முக்கி உலர்த்துவது மத்தாப்பு. அங்குக் கம்பி பொருளிலேயே தங்குகிறது. எனவே அது முதற்கருவி. சற்று முன் துணைக்கருவியாக இருந்த கம்பி இப்போது முதற்கருவி ஆயிற்று. கம்பியோ கம்பியாகவே இருக்கிறது. அடுத்துத் திரியை எடுத்துக்கொள்ளலாம். பட்டாசு செய்தல் என்னும் வினைக்குத் திரி முதற்கருவி. பட்டாசைக் கொளுத்துதல் என்னும் வினைக்கு அதே திரி துணைக்கருவி. பொருள் மாறவில்லை, இடமும் மாறவில்லை. வினை மாறியதும் உறவு மாறிவிட்டது. மண்ணும் திரிகையும் தனித்தனியே நின்று எத்தனை முறை சொல்லப்பட்டாலும் காட்ட முடியாத ஒன்றைக் கம்பி காட்டிவிடுகிறது. பாடம் முழுவதிலும் இதுவே கருவான இடம். இங்குப் பத்து நிமிடம் செலவானாலும் குற்றமில்லை.

முதற்கருவி என்பது வெறும் இலக்கணப் பெயர் அன்று என்பதற்கும் இத்தொழிலிலேயே சான்று உண்டு. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு பட்டாசை முற்றிலும் தடை செய்யவில்லை; பட்டாசில் பேரியம் உப்புகளைப் பயன்படுத்துவதைத் தடை செய்தது. தொழிலிடத்தில் பச்சை உப்பு எனப்படுவது அதுவே. தடை முதற்கருவியின்மேல்; அதன் விளைவு இயற்றுவோர்மேல். வகுப்பில் இதை ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடலாம். விரித்தால் பாடம் வேறாகிவிடும்.

கருத்தாவுக்கு வரும்போது பலகையில் இருக்கும் பட்டாசை மாற்ற வேண்டியதில்லை. இது யாரால் செய்யப்பட்டது? குழாய் உருட்டியவரால், மருந்து செலுத்தியவரால், திரி வைத்தவரால் என்பது ஒரு விடை. லேபிளில் உள்ள பெயருக்குரியவரால் என்பது மற்றொரு விடை. இரண்டும் ‘ஆல்’ உருபு ஏற்கின்றன, இரண்டும் உண்மை. முதலாவது இயற்றுதற்கருத்தா, இரண்டாவது ஏவுதற்கருத்தா. அரசனும் தச்சனும் வெவ்வேறு கட்டடங்களில் நின்றபோது புலப்படாதது, ஒரே பட்டாசின்மேல் இருவரும் நிற்கும்போது புலப்படுகிறது.

இனி, போர்மேன் யார்? வகுப்பு இரண்டாகப் பிரியக்கூடிய கேள்வி இது. உரிமையாளர் ஏவப் போர்மேன் செய்கிறார். போர்மேன் ஏவத் தொழிலாளி செய்கிறார். உரிமையாளரை நோக்க அவர் ஏவப்படுவோர். தொழிலாளியை நோக்க ஏவுவோர். இடையில் குத்தகைக்கு எடுத்து நடத்துபவர் ஒருவர் இருப்பின் சங்கிலி இன்னும் ஒரு கண்ணி நீளும். கருவியின் பாகுபாட்டில் கம்பி செய்த வேலையைக் கருத்தாவின் பாகுபாட்டில் போர்மேன் செய்கிறார். ஏவுதல், இயற்றுதல் என்பனவும் ஆளின் இயல்பு அல்ல. வினையோடு கொள்ளும் உறவே. இச்சங்கிலி இலக்கணத்துக்குப் புதிதும் அன்று. செய் என்னும் வினை ‘வி’ அல்லது ‘பி’ ஏற்று ஓர் ஏவலையும், இரண்டும் இணைந்து ஈரேவலையும் தரும் என்று நன்னூல் பதவியல் கூறுகிறது. தொழிலாளி செய்தார், போர்மேன் செய்வித்தார், உரிமையாளர் செய்விப்பித்தார் என்று பலகையில் எழுதினால், இன்று வழக்கிழந்ததாகக் கருதி மாணவர் கடந்துசெல்லும் அவ்வடிவத்துக்கு ஓர் ஆள் கிடைத்துவிடுகிறார்.

உடனிகழ்ச்சிக்குப் பட்டாசு அவ்வளவாக உதவாது. தாயோடு மகள் குழாய் உருட்டினாள் என்று அதே தொழிலிலிருந்து ஒரு தொடரைத் தந்து, ஒடுச்சொல் உயர்ந்ததன் வழியே வரும் என்ற தொல்காப்பிய விதியை நினைவூட்டி மேலே செல்வதே தகும். எடுத்துக்காட்டு தாங்காத இடத்தில் அதை வலிந்து இழுப்பது இதுவரை ஈட்டிய தெளிவையும் கெடுக்கும்.

தவறும் இடங்கள்

ஒரே எடுத்துக்காட்டைத் தொடர்வதில் இடர் உண்டு. எடுத்துக்காட்டின் தற்செயல் இயல்புகள் கருத்தின் இயல்புகளாக மாணவர் மனத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒரு மணி நேரம் பட்டாசு செய்வதையே கேட்டவர், ‘ஆல்’ உருபு ஏதேனும் ஒன்றை உற்பத்தி செய்யுமிடத்தில் மட்டுமே வரும் என்று கருதிவிடலாம். அவரிடம் ‘கண்ணால் கண்டான்’ என்று சொன்னால் என்ன செய்யப்பட்டது, எது தங்கியது என்று தேடுவார். தங்குதல், நீங்குதல் என்ற அளவுகோல் ஆக்கவினைகளுக்கு உரியது; காணல், கேட்டல் போன்றவற்றில் அது பயன்படாது. ஆகையால் கடைசிப் பத்து நிமிடங்களில் பட்டாசை விட்டு வெளியே வர வேண்டியது இன்றியமையாதது. செங்கல்லால் கட்டியவனையும் செங்கல்லால் அடித்தவனையும், கண்ணால் கண்டவனையும் அப்போதுதான் பலகைக்குக் கொண்டுவர வேண்டும். முன்னரே கொண்டுவந்தால் பழைய பட்டியல் முறையே திரும்பிவிடும். கொண்டுவராமலேயே விட்டால் கருத்து பட்டாசுக் குழாய்க்குள்ளேயே அடைபட்டுவிடும்.

பாடம் சென்று சேர்ந்ததா என்பதை அறிய ஒரு கேள்வி போதும். ‘திரி எவ்வகைக் கருவி?’ என்று கேட்க வேண்டும். உடனே முதற்கருவி என்றோ துணைக்கருவி என்றோ விடை வந்தால் பாடம் சேரவில்லை. ‘எந்த வினைக்கு?’ என்று மாணவர் திருப்பிக் கேட்டால் சேர்ந்துவிட்டது.

தேர்வு பற்றிய தயக்கமும் ஆசிரியரிடம் இருக்கும். அது பொருளற்ற தயக்கம் அன்று. விடைத்தாள் எங்கோ திருத்தப்படுகிறது. திருத்துபவர் குடத்தையும் கோயிலையும் எதிர்பார்ப்பார். இதற்கு எளிய வழி உண்டு. வகுப்பின் இறுதியில் பலகையிலுள்ள காகிதத்துக்கு எதிரே மண், கம்பிக்கு எதிரே திரிகை, உரிமையாளர்க்கு எதிரே அரசன், தொழிலாளிக்கு எதிரே தச்சன் என்று எழுதிவிட்டால், மரபுக் காட்டுகளை மாணவர் இரண்டு நிமிடத்தில் கற்றுக்கொள்வர். போர்மேனுக்கு எதிரே மட்டும் எழுத ஒன்றும் இராது. அவ்வெற்றிடத்தைச் சுட்டிக்காட்டுவதே மரபுக் காட்டுகளைப் பற்றிய ஒரு திறனாய்வாக அமையும்.

உராய்வினால் வெடித்தது

பட்டாசை எடுத்துக்காட்டாகக் கொள்வதற்கு எதிராக எழக்கூடிய வலுவான மறுப்பு இலக்கணத்தைச் சார்ந்தது அன்று. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் மீண்டும் ஒரு பெருவிபத்து. இவை பெயர் நிலைத்துவிட்டவை. நாளிதழின் மாவட்டப் பக்கத்தோடு நின்றுவிட்டவை பல. அத்தகைய ஊர்களிலிருந்து வந்தவர் அமர்ந்திருக்கும் வகுப்பில் பட்டாசைக் கையிலெடுத்து உருபு விளக்குவது தகுமா என்ற கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. ஆசிரியர் அறியாமலே ஒருவரின் புண்ணைத் தீண்டிவிடக்கூடும். இதனாலேயே மேலே சொன்ன பாடம் முழுவதும் செய்தலைப் பற்றியதாக அமைந்ததேயன்றி வெடித்தலைப் பற்றியதாக அமையவில்லை. குழாய் உருட்டுவதும் திரி வைப்பதும் கைத்திறன். அதைப் பேசுவதில் அத்தொழிலாளரின் மக்களுக்கு இழிவு இல்லை. விபத்தை எடுத்துக்காட்டாக்கும் உரிமை ஆசிரியர்க்கு இல்லை என்று கொள்வதே சரி.

ஆயினும் ‘யாரால்’ என்ற கேள்வியை ஒரு மணி நேரம் பலகையில் வைத்திருக்கும் வகுப்பில், மாணவர் ஒருவர் விபத்துச் செய்தியின் தொடரைத் தாமே கொண்டுவரக்கூடும். ‘மருந்து கலக்கும்போது உராய்வினால் வெடித்தது’ என்பது அச்செய்திகளில் திரும்பத் திரும்ப வரும் வாய்பாடு. இதில் உராய்வு எவ்வகைக் கருவி என்று அவர் கேட்டால் மழுப்பாமல் விடை சொல்ல வேண்டும். ஏனெனில் அது நல்ல கேள்வி.

உராய்வு கருவியே அன்று. கருவி என்றால் அதைக் கையாளும் கருத்தா ஒருவன் வேண்டும். உராய்வை எடுத்து எவரும் எதையும் செய்யவில்லை. உருபு ‘ஆல்’ ஆயினும் பொருள் ஏது. ஏதுப்பொருளைத் தொல்காப்பியர் மூன்றாம் வேற்றுமைக்குரியவற்றுள் ஒன்றாக எண்ணுகிறார். நன்னூலார் அதை ஐந்தாம் வேற்றுமைக்கு வைக்கிறார். ஆக்கத்தோடு வரும் ஏது மூன்றாவதிலும் ஐந்தாவதிலும் ஒரே நோக்குடையது என்று வேற்றுமை மயங்கியல் கூறுவதையும் இங்கே இணைத்துச் சொல்லலாம். மாணவர் கொண்டுவந்த ஒரு செய்தித்தொடர் இரு நூல்களும் வேறுபடும் இடத்துக்கே வகுப்பை அழைத்துச் சென்றுவிடுகிறது.

அடுத்து ஆசிரியர் ஒரு பிழையைத் தவிர்க்க வேண்டும். ‘பட்டாசு வெடித்தது’ என்பதைச் செயப்படுபொருளைச் செய்தது போலக் கூறும் வழக்கு என்று விளக்கத் தோன்றும். திண்ணை மெழுகிற்று என்ற உரைக்காட்டு உடனே நினைவுக்கு வரும். இரண்டும் ஒன்றல்ல. திண்ணை தானே மெழுகிக்கொள்ளாது. அங்கு மெழுகியவர் ஒருவர் உறுதியாக உண்டு, சொல்லப்படவில்லை, அவ்வளவே. மருந்தோ தானே வெடிக்க வல்லது. தீபாவளியன்று தெருவில் வெடித்ததற்குக் கொளுத்தியவர் ஒருவர் உண்டு. ஆலையறையில் வெடித்ததற்குக் கொளுத்தியவர் எவரும் இல்லை. வெடித்தல் என்னும் தன்வினையில் ஏவுதற்கருத்தாவுக்கு இடமே இல்லை. செய்தித்தொடர் எவரையும் மறைப்பதற்காகத் திட்டமிட்டு எழுதப்பட்டது என்று ஆசிரியர் சொல்லிவிடக்கூடாது. இலக்கணம் அவ்வளவு தொலைவு சான்று கூறாது.

இலக்கணம் கூறக்கூடியது வேறொன்று. தேர்ந்தெடுத்த வினையைப் பொறுத்தே கேட்கக்கூடிய கேள்வியும் அமைகிறது. ‘வெடித்தது’ என்ற வினைமுன் நின்று ‘யாரால்’ என்று கேட்க முடியாது. ‘எதனால்’ என்று மட்டுமே கேட்கலாம். அதற்கு உராய்வு விடையாகிவிடும். ஆனால் அவ்விபத்துக்கு முன் நிகழ்ந்த வினைகள் பல. மருந்து கலக்கப்பட்டது, அறையில் வைக்கப்பட்டது, ஆள்கள் அவ்வறையில் அமர்த்தப்பட்டனர், உரிமம் ஒருவர் பெயரில் பெறப்பட்டது, ஆலை நடத்தப்பட்டது. இவை அனைத்தும் ‘ஆல்’ உருபேற்ற கருத்தாவுக்கு இடம் தருபவை; ஒவ்வொன்றிலும் ஏவியவர் ஒருவரும் இயற்றியவர் ஒருவரும் இருக்கலாம். அவ்வினைகளைப் பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் முன்னால் ‘யாரால்’ என்ற சொல்லுக்கு உரிய இடத்தை வெறுமையாக விட்டுவைப்பதோடு ஆசிரியரின் வேலை முடிகிறது. அவ்விடங்களை நிரப்புவதற்குத் தேவையான செய்திகள் வகுப்பில் சிலரிடம் இருக்கும். அவற்றைச் சொல்வதும் சொல்லாமல் இருப்பதும் அவர்தம் விருப்பம்.